பேர் சொல்லாதது

கடையில் 144 இழுப்பறைகள். ஒன்றின் மேலும் பெயர் எழுதியிருக்காது. பெயர் எழுதி ஒட்டினால் வேலைக்கு வருகிற பையன் ஆறே மாதத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு எதிர்வரிசையில் கடை போட்டுவிடுவான் என்பது தாத்தாவின் கணக்கு. எதில் எது இருக்கிறது என்பது முதலில் தாத்தாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பிறகு அப்பாவுக்கு. இப்போது அப்பாவுக்கும் சரவணனுக்கும்.

ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில் அப்பா அவன் கண்களைத் துண்டால் கட்டிவிட்டு ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார். அதிமதுரம், ஓமம், சதகுப்பை, ஜாதிக்காய் எல்லாம் சுலபம். சித்தரத்தைக்கும் பேரரத்தைக்கும் அவன் தடுமாறினான். தலையில் குட்டு விழுந்தது. மூன்றாம் வாரம் தடுமாறவில்லை. அன்று அப்பா கடையை அரை மணி நேரம் முன்பே சாத்திவிட்டு அவனுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர் வியாபார நேரத்தில் கடையைச் சாத்துவது சாதாரண விஷயம் அல்ல.

அந்தப் பையனுக்கு இப்போது 24 வயது. சட்டைப் பையில், ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கான உத்தரவு நான்காக மடிக்கப்பட்டு ஒன்பது நாட்களாக இருக்கிறது. எட்டு நாளில் சேலத்தில் போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு 16 நாள். லேகிய மருந்துக்கு ஊரே திரண்டு வரும் காலம். ஆண்டின் மற்ற மாதங்களில் விற்காத கண்டந்திப்பிலி எல்லாம் இந்த இரண்டு வாரத்தில்தான் தீரும்.

எழுத்துத் தேர்வுகளுக்கு நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மருத்துவச் சோதனைக்கு ஒரு கல்யாணத்தைக் கற்பித்தான். அங்கே வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை வாசிக்கச் சொன்னார்கள். ஒன்றையும் தவறவிடவில்லை. வெளியே வந்ததும், கண்ணைக் கட்டிக்கொண்டு கற்ற தொழிலை விட்டுவிட்டுக் கண்ணை நம்பி ஒரு வேலைக்குப் போகிறோமே என்று நினைத்துச் சிரித்தான். சிரிப்பு ரயில் ஏறும்வரைகூட நிற்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியும். "நீயே சொல்" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லத்தான் பார்த்தான். காலையில் கடை திறந்து சாம்பிராணி போடும்போது சொல்ல நினைத்தால் முதல் வியாபாரம் ஆகவில்லையே என்று இருந்தது. மதியம் சொல்ல நினைத்தால் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரவில் கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார், எண்ணிக்கை தவறிவிடும். ஒன்பது நாளும் இப்படியே போயிற்று.

பத்தாம் நாள் சாயங்காலம் பாக்கி வசூலுக்கென்று வண்டியை எடுத்தவன் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய் நின்றான்.

குளத்தில் தண்ணீர் இருந்தது. மைய மண்டபத்தின் நிழல் அதில் கலங்கிக்கொண்டிருந்தது. கரைச் சுவரை ஒட்டி, சின்ன வயதில் பார்த்த அதே இடத்தில் கிளி ஜோசியர் உட்கார்ந்திருந்தார். அதே விரிப்பு, அதே கூண்டு. கூண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"கிளி எங்கே ஐயா?"

"வனத்துறை கொண்டுபோய்விட்டது தம்பி. 1972-லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். எனக்குத் தெரிவிக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது." அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தார். "பறந்து போயிருந்தால் சந்தோஷம்தான். ஆனால் மீனாட்சிக்குப் பறக்கத் தெரியாது. இறகை வெட்டியவன் நான்தானே."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இப்போது யார் சீட்டு எடுக்கிறார்கள்?"

"வருகிறவர்களே எடுக்க வேண்டியதுதான். ஐம்பது ரூபாய். நெல்மணி கேட்காதீர்கள்."

27 சீட்டுகளையும் வரிசையாக நிற்கவைத்தார். பழுப்பேறிய உறைகள். பெயரைக் கேட்டு, பழைய ராகத்திலேயே, "வாம்மா மீனாட்சி, சரவணன் என்கிற பேருக்கு ஒரு நல்ல சீட்டு எடுத்துக் கொடு" என்று காலிக் கூண்டைப் பார்த்துப் பாடினார். பழக்கதோஷம். பாடி முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது போலும், மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சரவணன் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை உறைகளின் மேல் ஓட்டினான். ஒன்று நின்றது. எடுத்தான்.

பழனியாண்டி. கையில் தண்டு, இடுப்பில் கோவணம்.

"ஆகா! வீட்டை விட்டு வெளியேறுகிற யோகம். ஒரு மாம்பழத்துக்காக அப்பனிடம் கோபித்துக்கொண்டு மலையேறியவர். மலையேறினாலும் குறை ஒன்றுமில்லை, இன்றைக்கும் அங்கே கூட்டம் குறையவில்லை பாருங்கள். தாராளமாகப் போகலாம்."

மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போல் இருந்தது. உறையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தான். அதன் மூலை முழுவதும் கிளி கடித்த பிசிறு. மற்ற உறைகளைப் பார்த்தான். இந்த அளவுக்கு எதுவும் நைந்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கடுக்காயைத் தடவிப் பார்த்தே சொத்தை எது, கனமானது எது என்று பிரித்த விரல்கள். அவை சும்மா நிற்கவில்லை.

"இதைத்தான் கிளி அடிக்கடி எடுக்குமா?"

ஜோசியர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறைக்காமல் சிரித்துவிட்டார். "துபாய் போகலாமா, சிங்கப்பூர் போகலாமா என்று கேட்டு வருகிறவர்கள்தானே அதிகம் தம்பி? மீனாட்சி கெட்டிக்காரி. நான் தொண்டையைச் செருமும்வரை மற்றதை எல்லாம் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள்."

"இன்னொன்று எடுக்கட்டுமா?"

"எடுங்கள். அதற்குக் காசு வேண்டாம்."

இந்தத் தடவை கண்ணைத் திறந்தே, மூலை நையாத உறையாகத் தேடி எடுத்தான். மரவுரி தரித்த இராமர். பின்னால் சீதையும் இலக்குவனும்.

"இவரும் வீட்டை விட்டுப் போனவர்தானே?" என்றான் சரவணன்.

"ஆமாம். முன்னவர் அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார். இவர் அப்பா வாக்குக்காகப் போனார்." ஜோசியர் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினார். "சொல்லிக்கொள்ளாமல் ராத்திரியில் எழுந்து போனவர் புத்தர். அந்தச் சீட்டும் ஒரு காலத்தில் இருந்தது. கிளி கிழித்துப் போட்டுவிட்டது."

ஐம்பது ரூபாயை விரிப்பில் வைத்துவிட்டு அவன் எழுந்தான்.

கடைக்குத் திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கூட வந்திருந்த பாட்டிதான் பேசினாள். "பிள்ளை மருந்து ஒரு துண்டு கொடுங்கள் அண்ணாச்சி. குழந்தை வயிற்று உப்புசத்தில் அழுதுகொண்டே இருக்கிறது."

அப்பா ஒன்றும் கேட்காமல் கீழ்வரிசையில் மூன்றாவது இழுப்பறையை இழுத்து, ஒரு துண்டை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சுட்டு உரைத்துத் தடவுகிற அந்த மருந்துக்கு ஒரு பெயர் உண்டு. பகலில் சொல்லலாம். விளக்கு வைத்த பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை மருந்து என்பார்கள், பேர் சொல்லாதது என்பார்கள். இருட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் மருந்துக்கு வேலை செய்கிற குணம் போய்விடும் என்பாள் பாட்டி.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சரவணன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறது. எட்டு நாளில் சேர வேண்டும். நான் போகிறேன்."

அப்பா தராசின் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தார். மறு தட்டையும் துடைத்தார்.

"பரீட்சை எப்போது எழுதினாய்?"

சொன்னான்.

"அந்தக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை. மருத்துவச் சோதனை."

"மொய் எழுத ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனாய்."

சரவணன் தலையைக் குனிந்தான். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தவனுக்கு அந்த ஐந்நூறு ரூபாய் நினைவில் இல்லை.

"சுக்குக்குப் புறத்தே நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தே நஞ்சு" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "சுக்கு என்றால் தோலைச் சீவிவிடலாம். நீ கடுக்காயாக இருந்திருக்கிறாய்."

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு லேகியச் சாமான் இரண்டு செட், இன்னொருவருக்குக் கால் கிலோ நாட்டுச்சர்க்கரை. அப்பா நிறுத்துக் கொடுத்தார். சரவணன் பொட்டலம் கட்டினான். இருவருடைய கைகளும் வழக்கம்போல இடிக்காமல் ஒன்றையொன்று தாண்டிப் போய் வந்தன. வந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

ஒன்பதரை மணிக்குப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அப்பா கல்லாவுக்குக் கீழே குனிந்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு. பின்பக்கம் வெறுமையாக இருக்கும், கணக்குப் போட உதவும் என்று சேர்த்து வைத்தவை. கத்தரிக்கோலையும் கறுப்பு மை பேனாவையும் அவற்றின் மேல் வைத்து மேசையில் நகர்த்தினார்.

"வெட்டு. தீப்பெட்டி அளவுக்கு."

"எதற்கு?"

"வேறு எவனையாவது வைத்துத்தானே தீபாவளியை ஓட்ட வேண்டும்? அவனுக்கு மூக்கா பிடித்துக் கற்றுக்கொடுப்பேன்?"

சரவணனின் கை அசையவில்லை. தாத்தாவின் மாலை போட்ட படம் மேலே இருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெட்டினான். மணமக்களின் பெயர்களும் மண்டபங்களின் பெயர்களும் துண்டு துண்டாக விழுந்தன. அப்பா மேல்வரிசையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அதிமதுரம். அரிசித்திப்பிலி. ஆடாதோடை. இடையில் ஓர் இழுப்பறையின் முன் நின்று, "இது என்ன?" என்றார். அவன் முகர்ந்து பார்க்காமலே, "பேரரத்தை" என்றான். "ம்" என்று அடுத்ததற்கு நகர்ந்தார். சீட்டை எழுத எழுத அவரே வாங்கி, விரலால் பசை தொட்டு ஒட்டினார். சில கோணலாக இருந்தன. சரி செய்யவில்லை.

பதினொன்றரைக்குக் கீழ்வரிசைக்கு வந்தார்கள். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு அவன் சீட்டை எடுத்துப் பேனாவை வைத்தான்.

"அதை விடு" என்றார் அப்பா. "காலையில் எழுதிக்கொள்ளலாம்."