ஆய்வு முறை: வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதைத் தடுத்தால் செயல்நினைவு குறைகிறதா?

பங்கேற்பாளர்கள்

இளநிலைப் பட்ட மாணவர்கள் 26 பேர் தாமாக முன்வந்து கலந்துகொண்டார்கள். இருவரின் தரவை நீக்கினோம்: ஒருவர் சோதனையின்போது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய அசையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார், இன்னொருவருக்கு நடுவில் கைபேசி அழைப்பு வந்தது. மீதி 24 பேரில் பெண்கள் 15, ஆண்கள் 9. சராசரி வயது 19.6, திட்ட விலக்கம் 1.1. எல்லாருக்கும் தாய்மொழி தமிழ். சிறிய எண்ணிக்கைதான். அதனால்தான் ஒவ்வொருவரையும் பேசாமல் பார்க்கும் அமைதி நிலை, அசையைச் சொல்லிக்கொண்டே பார்க்கும் தடை நிலை என்ற இரண்டு நிலைகளிலும் சோதித்தோம். ஆளுக்கு ஆள் நினைவுத்திறன் வேறுபட்டாலும் அது ஒப்பீட்டைக் குழப்பாது.

பொருட்கள்

1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களைக் கொண்டு, ஏழு இலக்க வரிசைகள் 24 தயாரித்தோம். ஒரு வரிசைக்குள் எந்த இலக்கமும் இரண்டு முறை வராது. 4, 5 என்றோ 8, 7 என்றோ அடுத்தடுத்த எண்கள் சேர்ந்து வந்தால் அவற்றை ஒரே துண்டாகப் பிடித்துக்கொள்வது சுலபம் என்பதால் அப்படிப்பட்ட வரிசைகளைத் தவிர்த்தோம். 24 வரிசைகளையும் 12, 12 ஆகப் பிரித்தோம். எந்தத் தொகுதி எந்த நிலைக்கு என்பதைப் பங்கேற்பாளர்களிடையே மாற்றிக்கொண்டே போனோம். வரிசைகளை மடிக்கணினியில் PsychoPy என்ற மென்பொருள் மூலம் காட்டினோம்; விடைத்தாளில் வரிசைக்கு ஏழு கட்டங்கள்.

நடைமுறை

அமைதியான அறையில் ஒருவர் ஒருவராகச் சோதித்தோம். இலக்கங்கள் திரையின் நடுவே ஒவ்வொன்றாகத் தோன்றின: 800 மில்லிநொடி இலக்கம், 200 மில்லிநொடி வெற்றுத் திரை. கடைசி இலக்கம் மறைந்ததும் ஒரு கேள்விக்குறி வரும். உடனே இடமிருந்து வலமாக எழுத வேண்டும். தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம், பின்னால் திரும்பி நிரப்பக் கூடாது.

அமைதி நிலையில் பங்கேற்பாளர் பேசாமல் பார்த்தார். தடை நிலையில் முதல் இலக்கம் தோன்றியதிலிருந்து கேள்விக்குறி வரும்வரை "த, த, த" என்று நொடிக்கு இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னார். இந்த வேகம் பழகுவதற்கு முன்கூட்டியே தாளக்கருவி வைத்துப் பயிற்சி கொடுத்தோம். முன்னோட்டத்தில் வரிசை கடினமாகும்போது குரல் இறங்கி, உதடு மட்டும் அசைவதைக் கவனித்தோம். உள்ளுக்குள் இலக்கத்தைச் சொல்லிப் பார்க்க அந்த இடைவெளியே போதும். ஆகவே ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து, குரல் நின்ற ஒவ்வொரு முயற்சியையும் குறித்தார்.

பாதிப் பேர் அமைதி நிலையில் தொடங்கினார்கள், பாதிப் பேர் தடை நிலையில். நீக்கப்பட்ட இருவரும் ஆளுக்கொரு பாதியைச் சேர்ந்தவர்கள் என்பதால் சமநிலை கெடவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் முதலில் 2 பயிற்சி முயற்சிகள், அப்புறம் 12 முயற்சிகள், நிலைகளுக்கு இடையே இரண்டு நிமிட ஓய்வு. சரியான இடத்தில் எழுதிய சரியான இலக்கத்துக்கு 1 மதிப்பெண். ஒரு நிலைக்கு அதிகபட்சம் 84.

நெறிமுறை

துறையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தபிறகே ஆள் சேர்த்தோம். எல்லாரும் 18 வயது நிறைந்தவர்கள். எழுத்துமூலம் சம்மதம் தந்தார்கள். பாட மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை வாயாலும் சொன்னோம். ஆசிரியர் கேட்டால் மாணவருக்கு மறுப்பது கடினம், அதனால் அழைப்பை ஆசிரியர்கள் மூலம் அனுப்பவில்லை. காரணம் சொல்லாமல் எப்போதும் விலகலாம். இரண்டு வாரத்துக்குள் கேட்டால் தரவையும் அழித்துவிடுவோம். விடைத்தாளில் பெயர் இல்லை, குறியீட்டு எண் மட்டுமே. நோக்கத்தை முழுதாக முதலிலேயே சொன்னால் விடைகள் மாறக்கூடும் என்பதால், கருதுகோளைச் சோதனை முடிந்ததும் விளக்கினோம். தன் மதிப்பெண்ணைக் கேட்டவருக்கு அதைத் தனியாகக் காட்டி, இது அறிவுத்திறன் சோதனை அல்ல என்றும் தடை நிலையில் குறைவது எதிர்பார்த்ததுதான் என்றும் எடுத்துச் சொன்னோம்.