காலண்டர் தாள்கள்

இரவு பதினொன்றே கால். ரெக்கார்டு நோட்டில் ஒன்பது பயிற்சிகள் முடிந்துவிட்டன. பத்தாவதுதான் பாக்கி: டவர்ஸ் ஆஃப் ஹனாய். காலை ஒன்பது மணிக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் நோட்டை வைக்க வேண்டும். வைத்த கையோடு வைவா.

அறைத்தோழிகள் இருவரும் வேறு துறை. தேர்வு முடிந்து அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கார்த்திகா மட்டும் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நோக்கம் என்ற தலைப்பின் கீழே, எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1883இல் வெளியிட்ட புதிர் இது என்பது வரை அழகாக எழுதியாயிற்று. மூன்று கம்பிகள். முதல் கம்பியில் பெரியதின் மேல் சின்னதாக அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சின்னதின் மேல் பெரியது ஏறாமல், கடைசிக் கம்பிக்கு மாற்ற வேண்டும். சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து நிரலையும் எழுதியாயிற்று. மூன்று தட்டுக்கு ஏழு நகர்த்தல்கள், அவையும் அந்த நோட்டில் இருந்தன. பார்த்து எழுதினால் பத்து நிமிட வேலை.

போன வாரம் வகுப்பில் சார் கரும்பலகையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கிட்டுப் போயிடுச்சு. அப்போ அதுக்குக் கீழே இருக்கிற இந்த வரி எப்போ ஓடும்? நீ சொல்லும்மா."

அவள் எழுந்து நின்றாள். பதில் வரவில்லை. சார் திட்டவும் இல்லை, உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அன்றோடு மறந்துபோயிருக்கும். அந்தக் கேள்வி ஒரு வாரமாகக் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் பேனாவை மூடி வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து, ஹனாயை விட்டுவிட்டு, தன்னால் முடிந்த அளவுக்குச் சின்னதாக ஒன்றை எழுதினாள்.

```c
void f(int n) {
    if (n == 0) return;
    printf("%d ", n);
    f(n - 1);
    printf("%d ", n);
}
```

`f(3)` என்ன அச்சிடும்? ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பென்சிலால் எழுதி வைத்தாள்: 3 2 1. அவ்வளவுதானே. n மூன்றாக இருந்து, இரண்டாகி, ஒன்றாகி, பூஜ்யமாகி நின்றுவிடும்.

திரையில் வந்தது `3 2 1 1 2 3`.

மறுபடியும் ஓட்டினாள். அதேதான். அந்த இரண்டாவது 1 2 3 எங்கிருந்து வருகிறது? n-தான் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதே. கூட்டல் எங்கேயும் இல்லையே. இறங்கிப்போன எண்ணை யார் திரும்ப ஏற்றினார்கள்?

ஒரு மணி ஆனது. கண்ணெல்லாம் எரிந்தது. முகம் கழுவிவிட்டு வந்து, ரஃப் வேலைக்கு என்று அம்மா கொடுத்தனுப்பிய தாள்களை எடுத்தாள். கோவில்பட்டி வீட்டில் தினமும் கிழிக்கிற காலண்டர் தாள்களை அம்மா தூக்கிப் போடுவதில்லை. பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று கிளிப் போட்டுச் சேர்த்து வைப்பாள். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், ராசிபலன். பின்பக்கம் உள்ளங்கை அளவு வெள்ளை.

ஒரு தாளில் ஐந்து வரி நிரலையும் எழுதி, மேலே n = 3 என்று போட்டாள். பென்சில் முனையை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். 3 அச்சிடு, சரி. அடுத்த வரி `f(2)`. அதே தாளில் 3-ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதக் கை போனது.

அங்கேதான் நின்றாள்.

அடிக்கலாமா? நான் கூப்பிட்டது புதிதாக ஒரு ஃபங்ஷனை. அதற்கு வேறு தாள் வேண்டாமா?

3-ஐ அப்படியே விட்டாள். `f(2)` வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள், இங்கே நிற்கிறேன் என்பதற்கு அடையாளமாக. இன்னொரு தாளை எடுத்து n = 2 என்று எழுதி முதல் தாளின் மேல் வைத்தாள். 2 அச்சிடு, புள்ளி, அடுத்த தாள். n = 1. அச்சிடு, புள்ளி, அடுத்த தாள். n = 0. இதற்கு வேலையே இல்லை, முதல் வரியிலேயே திரும்பிவிடுகிறது. அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அடியில் n = 1 தாள் இருந்தது. அவள் வைத்த புள்ளியோடு, விட்ட இடத்திலேயே. புள்ளிக்குக் கீழே ஒரு வரி மிச்சம்: n-ஐ அச்சிடு. இந்தத் தாளில் n என்ன? ஒன்று.

எடுத்து ஓரமாக வைத்தாள். அடியில் n = 2. அதன் 2-ஐ யாரும் தொடவே இல்லை. அது அங்கேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கும் அடியில் 3.

"ஆளுக்கு ஒரு n," என்று வாய்விட்டே சொன்னாள். யாரும் எதையும் ஏற்றவில்லை. எதுவும் இறங்கவும் இல்லை. எல்லாம் அவரவர் தாளில் பத்திரமாக இருந்திருக்கிறது. சார் கேட்ட அந்த வரி எப்போது ஓடும்? மேலே இருக்கிற தாள் எல்லாம் போன பிறகு.

எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தாள். தண்ணீர் குடித்தாள். மணி ஒன்றே முக்கால். தூக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அப்புறம் ஹனாய்.

```c
void hanoi(int n, char a, char b, char c) {
    if (n == 0) return;
    hanoi(n - 1, a, c, b);
    printf("%d: %c -> %c\n", n, a, c);
    hanoi(n - 1, b, a, c);
}
```

இதில் ஒரு தாளுக்கு இரண்டு முறை புள்ளி வைக்க வேண்டும். முதல் புள்ளியில் நின்றதா, இரண்டாவதில் நின்றதா என்று பார்த்துப் பார்த்துப் போனாள். ஒரு இடத்தில் b-யும் c-யும் மாறிப்போய், பெரிய தட்டு சின்னதின் மேல் ஏறியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஏழாவது நகர்த்தல் வந்தது: `1: A -> C`. சீனியர் அக்காவின் நோட்டைத் திறந்து ஒப்பிட்டாள். ஏழும் ஏழும் ஒன்று.

ஓரமாக வைத்த தாள்களை எண்ணினாள். பதினைந்து. ஆனால் மேஜை மேல் அடுக்கு ஒரு தடவைகூட நாலு தாளைத் தாண்டவில்லை. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ரெக்கார்டில் ஏழு நகர்த்தல்களை எழுதியதும் அதற்குக் கீழே இதையும் ஒரு வரியாக எழுதினாள். மை காயும்வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தாள்.

வேலை முடிந்துவிட்டது. படுக்கலாம். ஆனால் வைவாவில் நாலு தட்டு என்று கேட்டால்?

கிளிப்பில் மிச்சம் இருந்த தாள்களைப் பார்த்தாள். நாலு தட்டு என்றால் முப்பத்தொரு தாள் வேண்டியிருக்கும், இங்கே இருபதுகூடத் தேறாது. சரி, போகிறவரை போகட்டும் என்று முதல் தாளை எடுத்து n = 4 என்று எழுதினாள். முதல் வரி, மூன்று தட்டை A-யிலிருந்து B-க்கு. புள்ளி வைத்துவிட்டு அடுத்த தாளை உருவப் போனாள்.

கை பாதியில் நின்றது.

மூன்று தட்டுதான் ஏற்கெனவே நகர்ந்துவிட்டதே. ஓரத்தில் கிடக்கிற அந்தப் பதினைந்து தாளும் அதுதானே. கம்பியின் பெயர்தான் வேறு. மறுபடியும் எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்?

தாளில் எழுதினாள்: ஏழு. அடுத்த வரி, பெரிய தட்டு A-யிலிருந்து C-க்கு: ஒன்று. அதற்கடுத்த வரி, மறுபடியும் மூன்று தட்டு, B-யிலிருந்து C-க்கு: ஏழு.

மொத்தம் பதினைந்து. ஒரே ஒரு தாள்.

அதைத் திருப்பிப் பார்த்தாள். அம்மா என்றைக்கோ கிழித்த ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே பால் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தாளை நோட்டின் பத்தாவது பயிற்சிக்குள் செருகிவிட்டு விளக்கை அணைத்தாள்.