வெண்குடா நாடு: நாவலின் உள்பக்க வரைபடத்துக்கான ப்ராம்ப்ட்

வெண்குடா என்ற கற்பனை நாட்டின் பழைய வரைபடம், ஆட்டுத்தோலில் மை கொண்டு கையால் வரைந்தது போல. 3:2 கிடைமட்டம், நாவலைத் திறந்ததும் எதிரெதிர் இரண்டு பக்கங்களை நிறைத்து வரும். நடுவில் தையல் மடிப்பு விழும் என்பதால் நகரம், மலையுச்சி, திசைகாட்டி எதுவும் நட்டநடுவே வேண்டாம்.

மேற்குக் கரை செங்குத்துப் பாறை: கிழிந்தது போல உள்வாங்கிய குடாக்கள், கரையை ஒட்டிச் சிதறிய சின்னச் சின்னத் தீவுகள். கிழக்குக் கரை அதற்கு நேரெதிர், நீளமான மணல்திட்டு, அதன் பின்னால் உப்பங்கழி. கரைக்கோட்டை ஒட்டிக் கடல் பக்கமாக மூன்று மெல்லிய கோடுகள், வெளியே போகப்போக மங்கியபடி. கடலில் நீல வண்ணத்தை அப்ப வேண்டாம், தோலின் நிறமே தெரியட்டும்.

மேற்குக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே ஒரே மலைத்தொடர். சிகரங்கள் பக்கவாட்டுத் தோற்றத்தில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உயரத்தில் ஒன்றுபோல இல்லாமல். வெளிச்சம் இடப்பக்கம், வலச்சரிவில் மட்டும் நெருக்கமான சாய்கோடுகள். மழைக்காற்று மேற்கிலிருந்து வருகிறது, அதனால் மேற்குச் சரிவில் அடர்காடு, கிழக்கே புதர்களும் வெறும் நிலமும். ஆறுகள் மலையில் பிறந்து கிழக்கே ஓடும்போது ஒன்றோடொன்று சேர வேண்டும், பிரியக் கூடாது. கழிமுகத்தில் மட்டும் விரல்களாகப் பிரியலாம். (கற்பனை வரைபடங்களில் ஆறு நாட்டைக் குறுக்கே வெட்டி இரண்டு கடலையும் தொடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.)

தாள் அல்ல, ஆட்டுத்தோல். மத்தியதரைக் கடல் மாலுமிகளின் பழைய வரைபடங்களைப் போல, தோலின் கழுத்துப் பகுதி இடப்பக்கம் குறுகி நீண்டிருக்கட்டும். தேன் கலந்த பழுப்பு நிறம், மயிர்க்கால் புள்ளிகள், சுருட்டி வைத்ததால் விழுந்த மெல்லிய வரிகள், ஒரு மூலையில் நீர்க்கறை. மை பழுப்பேறிய கருப்பு. சில இடங்களில் உதிர்ந்திருக்கும். கருகிய ஓரம் மட்டும் வேண்டவே வேண்டாம், கடைச் சரக்கு மாதிரி ஆகிவிடும்.

பார்டர் இரண்டு அடுக்கு. உள்ளே கருப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் அளவுப் பட்டை. வெளியே கோயில் தூண்களில் காணும் கொடிக்கருக்கு. நான்கு மூலைகளிலும் மகரம், அதன் வாயிலிருந்தே கொடி புறப்படும். பார்டரில் மட்டும் மங்கிய காவியும் பாசிப்பச்சையும். தென்கிழக்குக் கடலில் 32 முனைத் திசைகாட்டி. அதிலிருந்து மெல்லிய கோடுகள் கடல் முழுக்க விரியும், நிலத்தைத் தொட்டதும் நின்றுவிடும். வடமேற்கில் ஒரு பாய்மரக் கப்பல், அதற்குச் சற்றுத் தள்ளி முதுகு மட்டும் தெரியும் திமிங்கிலம்.

எழுத்து எதுவும் வேண்டாம். தலைப்புக்கு வடகிழக்கில் ஒரு வெற்றுச் சுருள் போதும். ஊர்ப்பெயர்களை அப்புறம் நானே தமிழில் பொறித்துக்கொள்வேன். செயற்கைக்கோள் படச் சாயல், முப்பரிமாணப் பளபளப்பு, மேகம், டிராகன், மேஜை, மெழுகுவர்த்தி: எதுவும் வரக்கூடாது. வரைபடம் மட்டுமே சட்டத்தை நிறைக்க வேண்டும்.