வெளிநாட்டு மேற்படிப்பு: தோழிக்கு ஒரு மின்னஞ்சல்

விடயம்: மேற்படிப்பு பற்றி நீர் கேட்டவை

அன்புள்ள சுகந்திக்கு,

உமது மின்னஞ்சல் கிடைத்தது. லண்டனில் முதுமாணிப் படிப்புக்கு இடம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார் என்றும், அதற்காகக் கோண்டாவில் காணியை ஈடு வைக்க அப்பா யோசிக்கிறார் என்றும் எழுதியிருந்தீர். காணியில் கை வைப்பதற்கு முன்னர், எதைப் படிக்க வேண்டும் என்பதை நீரே முடிவு செய்யும். எந்த நாடு என்பதை அதன் பின்னர் பார்க்கலாம்.

முகவர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். ஆனாலும் மாணவரைச் சேர்த்து விடுவதற்காகப் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குத் தரகுப் பணம் கொடுப்பது வழக்கம் என்பதால், அவர் காட்டும் பட்டியலில் உமக்குப் பொருத்தமான பாடநெறி இல்லாமலே போகலாம். கணினி விஞ்ஞானத்தில் உமக்கு இருக்கும் பெறுபேறுகளுடன் நீரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மாணவர் விசாவுக்கு, செலுத்த மீதியுள்ள கல்விக் கட்டணமும் ஒன்பது மாதம் வரையான வாழ்க்கைச் செலவும் தொடர்ச்சியாக 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும்; சுகாதாரக் கட்டணத்தை வேறாக முற்பணமாகக் கட்ட வேண்டும். கணக்கில் காட்டுவதற்காக வட்டிக்குப் பணம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்க வேண்டாம். அந்தப் பணம் விசா கிடைத்ததும் திரும்பிப் போய்விடும், வீட்டு வாடகையோ மாதந்தோறும் வந்து நிற்கும். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம் என்பதால், அந்த உழைப்பில் கல்விக் கட்டணத்தைக் கட்டலாம் என்று வீட்டில் யாரும் நம்பியிருக்கக் கூடாது.

ஜேர்மனியையும் ஒருமுறை பாரும். அங்குள்ள அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. உமது துறையில் ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் முதுமாணிப் படிப்புகளும் உண்டு. ஒரு வருட வாழ்க்கைச் செலவை, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கொன்றில் வைப்பிலிட வேண்டும், படிப்பும் பொதுவாக இரண்டு வருடம் நீளும், அன்றாட வாழ்வுக்கு ஜேர்மன் மொழியும் தேவைப்படும். இவ்வளவையும் கணக்கிட்டாலும், காணியை ஈடு வைக்காமல் படிக்கக்கூடிய வழி இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பிரித்தானியாவில் படிப்பதற்கான பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பியும். போட்டி கடுமைதான், ஆனால் உமது பெறுபேறுகளுக்கு முயலாமல் விடுவது சரியல்ல.

ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு இரண்டு வருடமே செல்லுபடியாகும். ஆகவே விண்ணப்பக் காலத்தைப் பார்த்துப் பரீட்சைத் திகதியை எடும். சான்றிதழ்களை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, யாழ். மாவட்டச் செயலகத்திலுள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் விசாரியும்.

அம்மாவை யார் கவனிப்பது என்ற கவலையை நீர் ஒரு வரியில்தான் எழுதியிருந்தீர், எனினும் அதுவே உம்மை அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன். போவதற்கு முன்னர் தம்பியுடன் இருந்து, மருந்து, வங்கி அலுவல்களை யார் பார்ப்பது என்று தெளிவாகப் பேசி முடிவெடும்.

முகவர் தந்த பாடநெறி விபரத்தையும் கட்டண விபரத்தையும் எனக்கு அனுப்பி வையும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவையும் வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் இட வேண்டாம் என்று அவரிடம் சொல்லும்.

அன்புடன்,
தர்சினி
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்