பாம்பனின் பாலத்து ராஜாவுக்கு இன்று பிறந்தநாள்

படத்தில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி நிற்கிறானே, இவன் என் தம்பி. இன்றோடு 25 வயது. பொண்ணு பார்க்கலாமா என்று அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வரப்போகிறவளுக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டாமா?

சின்ன வயதில் இவனுக்கு ஒரே லட்சியம், பாம்பன் பாலத்தைத் திறப்பது. கப்பல் வருகிறதென்று யாராவது சொன்னால் போதும், சோற்றுக் கையோடு ஓடுவான். பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் சேர்ந்து கையாலேயே சுற்றித் திறப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக் கிணற்று ராட்டினத்தில் பயிற்சி. "கப்பல் வருது, எல்லாரும் தள்ளுங்க" என்று கத்திக்கொண்டே கயிற்றை விட்டான். வாளி, கயிறு, அம்மா வாளிக்குள் ஊறப்போட்டிருந்த அப்பாவின் சட்டை எல்லாம் உள்ளே. பக்கத்துத் தெருவில் பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வந்து சாயங்காலம் வரை துழாவினோம். சட்டை மட்டும் கடைசிவரை வரவே இல்லை. 2025-ல் புதுப் பாலம் திறந்தார்கள், நடுப்பகுதி மோட்டாரிலேயே நேராக மேலே போகிறது. உனக்கு அந்த வேலையும் போச்சு தம்பி!

அப்புறம் நண்டுக் கதை. என்னைப் பயமுறுத்த உயிர் நண்டைச் சட்டைப் பையில் போட்டு வந்தான். என் பக்கத்தில் வருவதற்குள் நண்டு அவனையே கவ்விவிட்டது. நேராக அம்மாவிடம் ஓடிப்போய், "அக்கா கடிச்சிட்டா" என்று அழுதான். நண்டு பையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, அடி எனக்கு!

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இவன் தொல்லை தாங்காது. துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று காலையிலேயே விசாரித்துவிட்டு வருவான். கூண்டு இறங்கிவிட்டால் சரியாக அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிற்று வலி வரும். ராமேஸ்வரம் பஸ்ஸில் ஒரு நாள், "அக்காள்மடம் இருக்கு, தங்கச்சிமடம் இருக்கு, தம்பிமடம் எங்க?" என்று கேட்டு அழுது, கண்டக்டர் அண்ணன் தன் விசிலைக் கொடுத்துத்தான் அடக்கினார். வீடு வரும்வரை அதை ஊதி பஸ்ஸை நாலு இடத்தில் நிறுத்தினான்.

இன்னும் கருவாட்டுக் காவல், திருவிழா ராட்டினம் எல்லாம் இருக்கிறது. கல்யாணத்தன்று மைக் பிடித்துச் சொல்கிறேன்.

நான் மதுரைக்குப் படிக்கக் கிளம்பியபோது மீன்பிடித் தடைக்காலம், அப்பாவின் போட் கரையில் கிடந்தது, நீ சைக்கிள் வாங்கச் சேர்த்த உண்டியலை யாருக்கும் தெரியாமல் என் பைக்குள் வைத்து அனுப்பினாயே, அன்றிலிருந்து நீ எனக்குத் தம்பி மட்டும் இல்லைடா, என் மூத்த பிள்ளை. நூறு வருஷம் நல்லா இருக்கணும்.