வரைபடம் படிக்கலாம் வாருங்கள்: நீலகிரித் தாள்

கையில் இருப்பது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம். தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. மலைப்பாதை நேராகப் போகாது. அதனால் பாதையின் வளைவுகள் மேல் ஒரு நூலை வைத்து, அப்புறம் நூலை ஸ்கேலில் அளந்து பாருங்கள். நூல் 7 செ.மீ. வந்தால் நடக்க வேண்டியது 3.5 கி.மீ.

ஓரத்தில் உள்ள குறியீட்டு விளக்கத்தை முதலில் படியுங்கள். நீலம் தண்ணீர், பச்சை காடு, மஞ்சள் விளைநிலம்.

பழுப்புக் கோடுகள்தான் மலையின் உருவம். ஊட்டி உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் கிண்ணத்தில் கவிழ்த்து வையுங்கள். 1 செ.மீ. தண்ணீர் ஊற்றி, நீர் தொடும் இடத்தில் பேனாவால் சுற்றிக் கோடு போடுங்கள். இப்படியே மேலே வரை. இப்போது மேலிருந்து பாருங்கள்: வளையத்துக்குள் வளையம். இவைதான் சம உயரக் கோடுகள். ஒரே கோட்டில் நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நம் தாளில் அடுத்தடுத்த கோடுகளுக்கு 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மூச்சு வாங்காத நடை. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். சரி, அதைச் சுற்றும் கடைசி வளையம் எத்தனை மீட்டர்? 2,620. அடுத்த கோடான 2,640-ஐ உச்சி எட்டவில்லை.