அப்பள பாக்கெட்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும் பார்கோடு: அடுத்த லோடிலிருந்து

அண்ணாச்சி, வணக்கம்.

வர்ற திங்கட்கிழமை லோடு நேரா செயின் கடையோட ஸ்ரீபெரும்புதூர் குடோனுக்குப் போகுது. அங்கே ஸ்கேன் ஆகாத பெட்டியை இறக்கவே மாட்டாங்க. திரும்பி வர்ற வண்டி வாடகை நம்ம தலையில்தான்.

200 கிராம் பாக்கெட் ஒவ்வொண்ணுக்கும் 890-ல தொடங்குற 13 இலக்க பார்கோடு ஸ்டிக்கர் வேணும். வெள்ளையில் கறுப்பு மட்டும். சிவப்பு மையில் அடிச்சா அழகா இருக்கும், ஆனா ஸ்கேனர் கண்ணுக்குத் தெரியாது. சீல் மடிப்பு மேல ஒட்டாதீங்க, ரெண்டு ஓரத்திலும் வெள்ளை இடம் விடுங்க.

48 பாக்கெட் பெட்டிக்கு 14 இலக்க எண் தனி. பாக்கெட் எண்ணுக்கு முன்னால ஒரு 1 சேர்த்தா போதும்னு பிரஸ்ல சொல்வாங்க, கேட்காதீங்க. கடைசி சரிபார்ப்பு இலக்கமும் மாறும். நான் மெயில்ல அனுப்பின ஃபைலையே அடிக்கச் சொல்லுங்க. லேபிள்ல ஆர்டர் எண், பேட்ச், காலாவதித் தேதி இருக்கணும். பக்கத்துப் பக்கத்து ரெண்டு பக்கத்திலும், டேப் படாம ஒட்டுங்க.

ஸ்டிக்கர் செலவு எங்களோடது, பில்லில் தனியா போடுங்க. வியாழனுக்குள்ள ஒரு மாதிரிப் பெட்டியை அம்பத்தூருக்கு அனுப்பினா ஸ்கேன் பண்ணிப் பார்த்துச் சொல்றேன்.